ஒரு ஸ்பூன் எண்ணெய்தான் ஊற்றினேன், குருமா மேலே மிதக்கிற எண்ணெய் எங்கிருந்து வந்தது?

அடுப்படி | மார்ச் 4, காலை 11:20

வீட்டுக்காரருக்கு ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், டிரைகிளிசரைடு இரண்டும் கூடுதல் என்று வந்ததிலிருந்து எண்ணெயை அளந்துதான் ஊற்றுகிறேன். முன்பு குருமாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி போகும். இப்போது தாளிக்க ஒரே ஒரு டீஸ்பூன். அப்படிச் செய்தால் குருமா நீர்த்துப்போய், காய் தனி, தண்ணீர் தனி என்று நிற்கிறது. அதைச் சரிக்கட்ட முந்திரியைக் கொஞ்சம் கூட்டி அரைத்து ஊற்றினேன். நிறம், கெட்டி எல்லாம் ஹோட்டல் மாதிரி வந்தது. ஆனால் அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் எண்ணெய் வளையம் கட்டி நிற்கிறது. ஊற்றியது ஒரு ஸ்பூன். மிதப்பது அதைவிடக் கூடுதலாகவே தெரிகிறது. யாராவது சொல்லுங்கள், இது எங்கிருந்து வருகிறது?

வடிதட்டு | மார்ச் 4, காலை 11:41

அக்கா, பக்கத்து வீட்டுக் குருமா ஏதும் கலந்துவிட்டதா?

ஓய்வுபெற்றவன் | மார்ச் 4, பகல் 12:15

அம்மா, இப்போது வருகிற எண்ணெயே சரியில்லை. என்ன கலக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? நான் செக்கு எண்ணெய்க்கு மாறி வெகுநாள் ஆகிறது. செக்கு எண்ணெய் என்றால் இப்படிப் பிரிந்து மிதக்காது. எண்ணெயை மாற்றிப் பாருங்கள்.

அடுப்படி | மார்ச் 4, பகல் 12:30

ஐயா, நான் வாங்குவதும் செக்கு நல்லெண்ணெய்தான். ஊற்றியதே ஒரு டீஸ்பூன். அது எந்த எண்ணெயாக இருந்தாலும் ஐந்து மில்லிக்கு மேல் எப்படிப் பெருகும் என்பதுதான் என் கேள்வி.

மாஸ்டர் | மார்ச் 4, இரவு 10:50

இப்போதுதான் கடை அடைத்தோம். அக்கா, உங்கள் எண்ணெய் முந்திரிக்குள்ளே இருந்தது. தேங்காய்க்குள்ளேயும் இருந்தது.

நாங்கள் வெள்ளைக் கிரேவிக்கு முந்திரி, வெங்காயம் இரண்டையும் வேகவைத்து அரைத்துச் சிறு தீயில் விடுவோம். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றாவிட்டாலும் நேரம் ஆக ஆக மேலே எண்ணெய் கக்கும். கிரேவி தயார் என்று அதை வைத்துத்தான் சொல்வோம். முந்திரியில் எடைக்கு எடை ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் எண்ணெய். விழுதாய் அரைத்துத் தண்ணீரில் கரைத்தால் அந்த எண்ணெய் பொடிப்பொடியாய் உடைந்து பால் மாதிரிக் கலந்து நிற்கும். தளதளவென்று கொதிக்க விட்டால் அந்தக் கலவை முறிந்து எண்ணெய் வெளியே வந்துவிடும். தக்காளி, தயிர் சேர்ந்தால் சீக்கிரமே முறியும்.

மிதப்பதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். மிதக்காமல் உள்ளே நிற்பதுதான் கூடுதல்.

அடுப்படி | மார்ச் 5, காலை 9:05

கடைசி வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் போனது, மாஸ்டர். நன்றி!

காலையில் ஒரு வேலை செய்தேன். ஒரு முந்திரிப் பருப்பைப் பழைய காகிதத்தில் வைத்து, மடித்து, குழவியால் நசுக்கித் தேய்த்தேன். பக்கத்தில் அதே அளவு பொட்டுக்கடலையையும் அப்படியே. உதறிவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் முந்திரி இருந்த இடம் எட்டணா அளவுக்கு எண்ணெய்க் காகிதம் போல ஒளி ஊடுருவித் தெரிகிறது. பொட்டுக்கடலை இருந்த இடத்தில் மாவுதான் ஒட்டியிருக்கிறது, தட்டினால் போய்விடுகிறது. கசகசாவையும் வைத்துப் பார்த்தேன். முழுதாக இருந்தவரை ஒன்றுமில்லை. நன்றாகப் பொடியானதும் முந்திரி போலவே கறை.

ஆர்கே | மார்ச் 5, காலை 10:22

இதில் இவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. முந்திரியில் கொலஸ்ட்ரால் சுத்தமாகக் கிடையாது. அது நல்ல கொழுப்பு. இதயத்துக்கு நல்லது என்று எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். எண்ணெயைக் குறைத்து முந்திரியைக் கூட்டியது சரியான முடிவு. தொடருங்கள்.

கணக்கு டீச்சர் | மார்ச் 5, மாலை 6:40

ஆர்கே சார் சொல்வதில் முதல் வாக்கியம் சரி. கொலஸ்ட்ரால் எந்தத் தாவரத்திலும் கணக்கில் எடுக்கிற அளவுக்குக் கிடையாது. கடலை எண்ணெயிலும் கிடையாது, தேங்காயிலும் கிடையாது. அதனால் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்பதை வைத்து முந்திரிக்குத் தனிச் சலுகை தர முடியாது. எந்தக் கொழுப்பானாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி.

நான் பள்ளி ஆசிரியை. அதற்கு முன்பு ஒரு மருத்துவமனையில் உணவுப் பிரிவில் இருந்தேன். அக்கா, உங்கள் குருமாவில் என்னென்ன எவ்வளவு போட்டீர்கள் என்று எடை போட்டுச் சொன்னால் கணக்குப் பார்த்துவிடலாம். கைப்பிடி, ஸ்பூன் வேண்டாம், கிராமில் சொல்லுங்கள்.

ஆர்கே | மார்ச் 5, மாலை 7:02

நான் சொன்னது தரம். நீங்கள் சொல்வது அளவு. இரண்டும் வேறு.

கணக்கு டீச்சர் | மார்ச் 5, மாலை 7:15

வேறுதான் சார். அவர் கேட்டது அளவு. தரத்துக்கும் வருவோம், ஓடிப்போகாது.

அடுப்படி | மார்ச் 6, பகல் 1:30

எடை போட்டேன். நாலு பேருக்கான குருமா. தேங்காய்த் துருவல் 60 கிராம். முந்திரி கைப்பிடி என்று நினைத்து அள்ளியது 40 கிராம் வந்தது, நானே எதிர்பார்க்கவில்லை. கசகசா ஒரு மேசைக்கரண்டி, 9 கிராம். எண்ணெய் ஒரு டீஸ்பூன்.

முன்பெல்லாம் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, முந்திரி பத்துப் பருப்பு. தேங்காயும் கசகசாவும் இதே அளவு.

மாஸ்டர் | மார்ச் 6, மாலை 4:10

எடை போடத் தராசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி. முந்திரி மூட்டையில் 320, 240 என்று நம்பர் போட்டிருப்பார்கள். ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்கிற கணக்கு அது. 320 என்றால் ஒரு பருப்பு ஏறக்குறைய ஒன்றரை கிராம். 240 கொஞ்சம் பெரிசு, இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்குப் பெரும்பாலும் 320 தான் வாங்குவார்கள். உடைசல் வாங்கினால் எண்ண முடியாது, அங்கேதான் கை தாராளமாகிவிடும். அக்கா வாங்கியது உடைசலா?

அடுப்படி | மார்ச் 6, மாலை 4:25

உடைசல்தான் 😀 அரைக்கத்தானே என்று.

கணக்கு டீச்சர் | மார்ச் 6, இரவு 9:10

கணக்கு இதோ. புத்தகத்துக்குப் புத்தகம் எண்கள் கொஞ்சம் மாறும், முக்கியமாகத் தேங்காய்க்கு. முற்றல், இளசு பொறுத்து நூற்றுக்கு 33-இலிருந்து 40 வரை போகும். நான் 33 என்றே வைத்துக்கொள்கிறேன்.

பழைய குருமா: இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் 27 கிராம் கொழுப்பு. தேங்காயில் 20. பத்து முந்திரியில் ஆறரை. கசகசாவில் நாலுக்குக் கொஞ்சம் கம்மி. மொத்தம் ஐம்பத்தேழு சொச்சம். நாலாக வகுத்தால் தலைக்குப் பதினாலரை கிராம்.

இப்போதைய குருமா: எண்ணெயில் நாலரை. தேங்காயில் அதே 20. நாற்பது கிராம் முந்திரியில் பதினேழரை. கசகசா அதே நாலு. மொத்தம் 46. தலைக்குப் பதினொன்றரை.

எண்ணெயில் மிச்சம் பிடித்தது இருபத்திரண்டரை கிராம். முந்திரியாகத் திரும்பி வந்தது பதினொன்று. பிடித்த மிச்சத்தில் பாதியை வாசல் வழியாக அனுப்பிவிட்டுக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

வடிதட்டு | மார்ச் 6, இரவு 9:22

டீச்சர் கிளாஸில் பின் பெஞ்சு காலியா?

அடுப்படி | மார்ச் 7, காலை 8:00

இரவு முழுக்க இந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உறைத்தது முந்திரி இல்லை, தேங்காய். எண்ணெயைக் குறைத்த நான் தேங்காய்ப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. இப்போதைய குருமாவில் கூடுதல் கொழுப்பு அதில்தான். ‘தேங்காய் காய்தானே’ என்று மனசுக்குள் ஒரு எண்ணம்.

கசகசாவை விட்டுவிடலாமா, அதில் நாலு கிராம்தானே?

சார்ஜா சுப்பு | மார்ச் 7, காலை 10:45

கசகசா கையில் இருப்பதற்குச் சந்தோஷப்படுங்கள் அக்கா. இங்கே அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை. ஊரிலிருந்து வரும்போது மசாலாப் பொட்டலத்தோடு கலந்து கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் பிடித்தால் பெரிய வம்பு. நான் அதற்குப் பதிலாக வெள்ளை எள்ளை ஊறவைத்து அரைத்துப் போடுகிறேன். நிறமும் கெட்டியும் கிட்டத்தட்ட அதேதான். எள் லேசானது, கொழுப்பும் இருக்காது என்று நினைக்கிறேன்.

மாஸ்டர் | மார்ச் 7, மாலை 3:30

தம்பி, எள்ளை ஆட்டித்தானே நல்லெண்ணெய் எடுக்கிறார்கள்? பாதிக்குப் பாதி எண்ணெய் அதில். கசகசாவையும் முந்திரியையும் விடக் கூடுதல். கொஞ்சம் அதிகம் போனால் கசக்கவும் செய்யும். கசகசாவுக்கு மாற்று வேண்டுமென்றால் அளவைச் சரிபாதியாக்குங்கள்.

ஹோட்டலில் முந்திரி விலை ஏறும்போது முலாம்பழ விதையைக் கலப்போம். அதுவும் பாதி எண்ணெய்தான். அரைத்தால் வெள்ளையாக வருகிறதெல்லாம் லேசு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பால் மாதிரி வெளுப்பதே உள்ளே இருக்கிற எண்ணெயால்தான்.

சார்ஜா சுப்பு | மார்ச் 7, மாலை 3:48

நல்லெண்ணெய்... ஆமாம். சரி அண்ணே.

கணக்கு டீச்சர் | மார்ச் 7, இரவு 8:20

கசகசா பற்றி: ஒரு மேசைக்கரண்டியை நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு கிராம் கொழுப்பு. அதற்காக அதன் மணத்தை விடவேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அது முந்திரி மாதிரிக் கெட்டியாக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. கசகசாவில் மாவுச்சத்து இல்லவே இல்லை என்று சொல்லலாம். நார்தான் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பும். அதனால்தான் வெந்த பிறகும் கூழ் மாதிரி இறுகாமல் லேசாக நறநறவென்று நிற்கிறது. முந்திரியில் கொழுப்போடு மாவுச்சத்தும் உண்டு, கொதிக்கும்போது இறுகுவது அதனால். பொட்டுக்கடலை பெரும்பாலும் மாவுச்சத்தும் புரதமும்தான். நூறு கிராமில் கொழுப்பு ஐந்து கிராம் சொச்சம். முந்திரியில் இருப்பதில் எட்டில் ஒரு பங்குதான் அது.

அடுப்படி | மார்ச் 8, பகல் 2:15

இன்று முந்திரியே இல்லாமல் பொட்டுக்கடலை மட்டும், முந்திரி எடைக்கு எடை 40 கிராம் அரைத்து ஊற்றினேன். ஊற்றும்போது சரியாக இருந்தது. பத்து நிமிஷத்தில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் ஊற்றினேன். சாப்பிட உட்காரும்போது மறுபடி இறுகிவிட்டது. அடியும் பிடித்தது. ருசி? பொட்டுக்கடலைச் சட்னியில் உருளைக்கிழங்கு போட்ட மாதிரி. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, இட்லி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

வடிதட்டு | மார்ச் 8, பகல் 2:31

நல்ல மனுஷன்.

மாஸ்டர் | மார்ச் 8, இரவு 11:15

எடைக்கு எடை போடக்கூடாது அக்கா. முந்திரி 40 போட்ட இடத்தில் பொட்டுக்கடலை 15, மிஞ்சிப்போனால் 20. கூடிப்போனால் நீங்கள் சொன்ன அதே சட்னி வாசனைதான். எங்கள் சால்னாவில் பொட்டுக்கடலை இருப்பது சாப்பிடுகிறவனுக்குத் தெரியவே கூடாது.

பொட்டுக்கடலையை முதலில் தண்ணீர் இல்லாமல் மாவாய் அரையுங்கள். அப்புறம் தேங்காய், சோம்பு, பச்சைமிளகாயோடு தண்ணீர் விட்டு ஓட்டுங்கள். மொத்தமாகத் தண்ணீரில் போட்டால் முனைமுனையாய்த் தப்பித்துக்கொள்ளும். காய் வெந்து, மசாலா வாசனை போன பிறகு கடைசியில்தான் ஊற்றவேண்டும். குக்கரில் மூடி விசில் விட்டால் அடிப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். ஊற்றியபின் அடி வரை கிண்டிக்கொண்டே மூணு நாலு நிமிஷம் கொதிக்கவேண்டும், இல்லாவிட்டால் மாவு வாசனை அடிக்கும். உங்களுக்கு வேண்டிய பதத்துக்குக் கொஞ்சம் தண்ணியாக இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். ஆறும்போது மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முந்திரிக்கு இதுக்கு நேர்மாறாக ஒரு பயம் உண்டு. அது அடிப்பிடிப்பதோடு, தீ கூடினால் திரிதிரியாகி எண்ணெய் விட்டுவிடும். முந்திரி ஊற்றியபின் மேலே சின்னக் குமிழி வந்தால் போதும்.

ஓய்வுபெற்றவன் | மார்ச் 9, காலை 7:10

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. பொட்டுக்கடலை மாவுச்சத்து என்று டீச்சரம்மா எழுதியிருக்கிறார். அப்படியானால் எனக்கு முந்திரிதான் உத்தமம் என்று எடுத்துக்கொள்ளலாமா? மருமகள் குருமாவில் பொட்டுக்கடலை போடுகிறாள், நிறுத்தச் சொல்லவா?

கணக்கு டீச்சர் | மார்ச் 9, காலை 7:55

ஐயா, மருமகளை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்! மாஸ்டர் சொன்ன 20 கிராம் பொட்டுக்கடலையில் மாவுச்சத்து வகையறா 12 கிராம் இருக்கும். நாலு பேருக்குப் பிரித்தால் உங்கள் பங்குக்கு 3 கிராம். குருமாவைத் தொட்டுக்கொண்டு நீங்கள் சாப்பிடுகிற இட்லி, பரோட்டாவில் இருப்பதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தட்டில் இருப்பதை எண்ணுங்கள், கிண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்றவன் | மார்ச் 9, காலை 8:20

பரோட்டா வாரத்துக்கு ஒரு தடவைதான்.

அடுப்படி | மார்ச் 11, இரவு 9:40

மாஸ்டர் சொன்ன மாதிரி பொட்டுக்கடலை 20 கிராம், மாவாக்கி, கடைசியில். கூடவே மனசு கேட்காமல் ஆறு முந்திரி, எண்ணித்தான். கசகசா போடவில்லை. தேங்காய் அதே 60. பதம் அருமை, அடிப்பிடிக்கவில்லை, எண்ணெய் வளையம் மெல்லிசாக ஒரு கோடு மட்டும்.

ஆனால் ஒன்று. மிளகாய் எப்போதும் போடுகிற அதே எண்ணிக்கைதான், காரம் நாக்கில் சுள்ளென்று ஏறுகிறது. சின்னவள் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டாள். மிளகாய் வகையில் வித்தியாசமா, இல்லை முந்திரி குறைந்ததாலா?

மாஸ்டர் | மார்ச் 12, காலை 6:30

முந்திரி குறைந்ததால்தான். மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எண்ணெய்ப்பசை நாக்கில் பூசினாற்போல் நின்று காரத்தை அமுக்கும். கொழுப்பைக் குறைத்தால் மிளகாயில் மூன்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள். உப்பும் தூக்கலாகத் தெரியும், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

கணக்கு டீச்சர் | மார்ச் 12, மாலை 5:50

உங்கள் 11-ஆம் தேதி குருமா: எண்ணெய் நாலரை, தேங்காய் 20, ஆறு முந்திரி 4, பொட்டுக்கடலை 1. மொத்தம் முப்பதுக்குக் கொஞ்சம் கீழே. தலைக்கு ஏழரை கிராம். ஆரம்பத்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதி. கசகசாவைத் திரும்பச் சேர்த்தாலும் எட்டரைதான்.

ஆர்கே | மார்ச் 12, இரவு 8:05

எல்லாம் சரி. ஆனால் அந்தக் குருமாவை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே கொழுப்பு வெள்ளையாகக் கட்டி நிற்கும். ஸ்பூனால் வழித்து எறிந்துவிட்டுச் சூடு பண்ணினால் தீர்ந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன். முந்திரியும் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளலாம். இதற்கு ஏன் தராசு?

கணக்கு டீச்சர் | மார்ச் 12, இரவு 9:30

சார், அந்த வெள்ளைக் கட்டி பெரும்பாலும் தேங்காய்க் கொழுப்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், மார்கழியில் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள். முந்திரி எண்ணெயும் கசகசா எண்ணெயும் அப்படிக் கெட்டியாக உறையாது. அதோடு, அதில் பெரும்பங்கு மிதக்கவே இல்லை, விழுதோடு விழுதாகக் கிடக்கிறது. வழிக்க என்ன இருக்கிறது? தேங்காய் மட்டும் அரைத்த குழம்புக்கு உங்கள் வழி ஓரளவு வேலை செய்யும். அப்போதும் துருவலுக்குள் இருப்பது உள்ளேயே இருக்கும்.

தரம் பற்றியும் பேசுவோம் என்று சொல்லியிருந்தேன். அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. முந்திரிக் கொழுப்பில் பெரும்பகுதி கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெயில் இருக்கிற வகை. கசகசாவில் இருப்பது சூரியகாந்தி எண்ணெய் வகை. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல்லைக் குறைப்பதுதான் குறி என்றால் முதலில் கை வைக்கவேண்டியது தேங்காயில், அப்புறம்தான் முந்திரி. எடையையும் டிரைகிளிசரைடையும் குறைப்பதென்றால் மொத்தக் கலோரியைப் பார்க்கவேண்டும், அங்கே முந்திரிக்குச் சலுகை இல்லை.

இன்னொன்று: முந்திரியை முழுதாக மென்று தின்றால் கொஞ்சம் கொழுப்பு அரைபடாத துணுக்குகளுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். மிக்ஸியில் வெண்ணெயாய் அரைத்த விழுதில் அந்தத் தள்ளுபடி கிடைக்காது. கசகசாவுக்கு இது இன்னும் பொருந்தும். அரைபடாத கசகசா வந்த வழியே போகும், கெட்டியும் தராது, கொழுப்பும் தராது.

ஆர்கே | மார்ச் 12, இரவு 9:44

தேங்காயைக் குறை சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தாத்தா தேங்காயில் வளர்ந்து 91 வயது வரை இருந்தார்.

வடிதட்டு | மார்ச் 12, இரவு 9:50

தாத்தா தென்னை மரமும் ஏறியிருப்பார் சார். நாம் லிஃப்ட் ஏறுகிறோம்.

அடுப்படி | மார்ச் 13, காலை 10:10

தேங்காயை 30 ஆக்கிப் பார்த்தேன், மீதிக்கு வெந்த உருளைக்கிழங்கு இரண்டு துண்டைச் சேர்த்து அரைத்தேன். கெட்டிக்குக் குறைவில்லை. ஆனால் தேங்காய்க்கென்று ஒரு இனிப்பு இருக்கிறதே, அது போய்விட்டது. சோம்பு தூக்கலாகி மருந்து வாடை அடிக்கிறது. 45-இல் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சாப்பிடவும் வேண்டுமே.

சுப்பு தம்பி, கசகசா பற்றிச் சொன்னீர்களே, எனக்கும் அதில் ஒரு சிக்கல். இரண்டு ஸ்பூனைத் தனியாக மிக்ஸியில் போட்டால் பிளேடுக்குக் கீழேயே சுற்றிக்கொண்டு கிடக்கிறது. டீச்சர் சொன்ன மாதிரி முழுசு முழுசாக வருகிறது.

மாஸ்டர் | மார்ச் 13, இரவு 11:00

கசகசாவை வெறும் சட்டியில் சூடு ஏற மட்டும் பிரட்டுங்கள், சிவக்கக்கூடாது. ஆறியதும் சோம்போடு சேர்த்துத் தண்ணீர் இல்லாமல் இரண்டு சுற்று. அப்புறம் வெந்நீரில் அரைமணி ஊறவிட்டுத் தேங்காயோடு ஓட்டினால் மசிந்துவிடும். வாங்கும்போது ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள், காரலடித்தால் வாங்காதீர்கள். சீக்கிரம் சிக்குப் பிடிக்கிற எண்ணெய் அது. கெட்டுப்போன கசகசா ஒரு ஸ்பூன் போதும், ஒரு சட்டி குருமாவைக் கசக்க வைக்க.

சார்ஜா சுப்பு | மார்ச் 14, மாலை 6:15

நானும் பொட்டுக்கடலைக்கு மாறிவிட்டேன். ஒரு சந்தேகம், மாஸ்டர் அண்ணே. வெள்ளிக்கிழமை மொத்தமாகச் செய்து வைத்துச் சாப்பிடுகிறவன் நான். பொட்டுக்கடலை போட்ட குருமா சீக்கிரம் புளித்துப்போகிறது என்று அறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

மாஸ்டர் | மார்ச் 14, இரவு 11:20

எங்கள் கடையில் மதியம் செய்தது இரவு தாண்டாது, அதனால் எனக்கு அந்த அனுபவம் இல்லை. வெளியே வைத்தால் தேங்காய் போட்டது எதுவாக இருந்தாலும் சீக்கிரம் போகும். பொட்டுக்கடலை மேல் பழி போடுகிறார்களோ என்னவோ.

அடுப்படி | மார்ச் 15, காலை 9:00

என் மாமியார் கட்சி, பொட்டுக்கடலைதான் குற்றவாளி. என் அம்மா கட்சி, தேங்காய். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்து இதைத் தீர்க்க நான் தயாரில்லை. சுப்பு, ஆறினதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எடுக்கும்போது அல்வா மாதிரி இருக்கும், கால் டம்ளர் வெந்நீர் விட்டுச் சிறு தீயில் கரைத்தால் பழைய பதம் வரும். கெட்டியாகிவிட்டதே என்று எண்ணெய் ஊற்றி இளக்காதீர்கள்.

வடிதட்டு | மார்ச் 15, காலை 9:12

கோழிக் குருமாவுக்கும் இதே பொட்டுக்கடலைதானா அக்கா? ஞாயிற்றுக்கிழமை, அதனால் கேட்கிறேன்.

அடுப்படி | மார்ச் 15, காலை 9:30

கோழிக்குப் பத்து கிராம் போதும், தோலை எடுத்துவிடுங்கள். தோலோடு போட்டுவிட்டு முந்திரியை எண்ணிக்கொண்டிருந்தால் டீச்சர் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.